மசால் தோசைக்கு என்ன விலை? அண்ணாச்சிக்கு ஒரு கணக்குக் கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மசால் தோசையை 60 ரூபாயிலிருந்து 70 ஆக்கலாமா, ஆக்கினால் ஆள் வருமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே பில் புத்தகத்தின் பின்னட்டையில் நீங்கள் எழுதி வைத்திருந்த கணக்கையும் அனுப்பியிருந்தீர்கள். மாவு மூன்றரை ரூபாய், கிழங்கு ஐந்தரை, எண்ணெய் இரண்டு, சாம்பார் சட்னிக்கு நாலு, ஆக அடக்கம் 15 ரூபாய். 60 ரூபாய்க்கு விற்றால் தட்டுக்கு 45 நிற்க வேண்டும், ஆனால் மாதக் கடைசியில் கடைக்கு மளிகை பாக்கி நிற்கிறதே என்பது உங்கள் கேள்வி.

சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலைகளுக்கு அடக்கவிலை பார்ப்பதுதான் என் தொழில் என்றாலும், முறை ஒன்றுதான். உங்கள் கணக்கில் கூட்டலில் தப்பில்லை. நீங்கள் வாங்கினதை வைத்துப் போட்டிருக்கிறீர்கள். தட்டுக்குப் போனதை வைத்துப் போடவில்லை. இரண்டுக்கும் நடுவில் உங்கள் அடுப்படியே இருக்கிறது. போன வாரம் தராசோடு வந்து உங்கள் சரக்கு மாஸ்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு எடுத்த அளவுகளை வைத்து அந்தக் கணக்கை மறுபடி போட்டிருக்கிறேன். விலையெல்லாம் அந்த வாரத்து உங்கள் பில்களில் இருந்தவை.

முதலில் மாவு. ஒரு ஈடுக்கு இட்லி அரிசி 8 கிலோ, 384 ரூபாய். உருட்டு உளுந்து 2 கிலோ, 280. கடலைப்பருப்பு, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்த்து 36. மொத்தம் 700 ரூபாய். மறுநாள் காலையில் தோசைக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்த பிறகு நிறுத்ததில் 25 கிலோ இருந்தது. அப்படியானால் கிலோ 28 ரூபாய். நீங்கள் இங்கேதான் நிறுத்திவிட்டீர்கள். ஆனால் தோசையாகி வெளியே போன மாவு 22½ கிலோதான். கிரைண்டரிலும் குழவியிலும் ஒட்டிக் கழுவிப்போனது, கல் பழக ஊற்றிய முதல் இரண்டு மூன்று, பிய்ந்து போனவை, ராத்திரி புளித்து மிஞ்சினது என்று 2½ கிலோ காணாமல் போயிருக்கிறது. இதைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம், எந்த ஓட்டலிலும் இருக்கிற தேய்மானம்தான். அந்த 2½ கிலோவின் காசையும் மிச்ச 22½ கிலோதான் சுமக்க வேண்டும். ஆகவே கிலோ 31 ரூபாய் சொச்சம்.

அடுத்தது கரண்டி. ஒரு தோசைக்கு 120 கிராம் என்று சொன்னீர்கள். தோசை மாஸ்டர் ஊற்ற ஊற்றப் பத்துத் தோசையை எடை போட்டேன், சராசரி 150 கிராம் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. கரண்டி கொள்ளளவைத்தான் அளக்கும். மாவு நன்றாகப் பொங்கியிருந்தால் அதே கரண்டியில் எடை குறையும், மார்கழிக் குளிரில் பொங்காமல் கெட்டியாகக் கிடந்தால் கூடும். அதனால் மாவுக் கணக்கை எப்போதும் கிலோவில் போடுங்கள், லிட்டரில் போடாதீர்கள். இப்போது மாவு 4 ரூபாய் 70 காசு.

கிழங்கு மசால் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசம். 10 கிலோ கிழங்கு 400 ரூபாய், 100 கிராம் வீதம் 100 தோசை, ஆக நாலு ரூபாய், வெங்காயத்துக்கு ஒன்றரை என்று போட்டிருந்தீர்கள். வேகவைத்து, தோலை உரித்து, பச்சை பாய்ந்ததையும் அழுகலையும் ஒதுக்கினதும் கையில் 8 கிலோ 600 கிராம் கிழங்கு நின்றது. 160 ரூபாய்க்கு வாங்கின 4 கிலோ வெங்காயம் தோல் போய் 3½ ஆகி, எண்ணெயில் வதங்கி இன்னும் சுருங்கியது. எண்ணெய்க்கு 90, மிளகாய், இஞ்சி, தாளிப்பு, மல்லி, கறிவேப்பிலைக்கு 70. மொத்தச் செலவு 720. இறக்கி நிறுத்தால் 12 கிலோ மசால். கிலோ 60 ரூபாய். தோசைக்குள் வைப்பது சராசரி 110 கிராம். 6 ரூபாய் 60 காசு. கல்லில் விடுகிற எண்ணெய் 13 மில்லி, 2 ரூபாய். அதில் மட்டும் உங்கள் கணக்கு சரியாக இருந்தது.

தோசை என்று தட்டில் மடித்து வைக்கிறோமே, அதன் அடக்கம் இதுவரை 13 ரூபாய் 30 காசு. உங்கள் கணக்கில் இது 11. வித்தியாசம் இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான். இதற்காகவா தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்பீர்கள். பொறுங்கள்.

சாம்பாருக்கும் சட்னிக்கும் சேர்த்து நாலு ரூபாய் என்று நீங்கள் எழுதியது அளந்து பார்த்து எழுதியது இல்லை, ஒரு மதிப்புத்தான். அதை அளப்பது கஷ்டம் என்பதும் உண்மை. ஒருவர் ஒரு கரண்டியோடு எழுந்து போவார், இன்னொருவர் வாளியையே பக்கத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். இப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்கு ஆள் அளக்கக் கூடாது. காலையில் எவ்வளவு ஆக்கினோம், எவ்வளவு மிஞ்சியது, அதற்குள் எத்தனை தட்டு டிபன் போனது என்று பில்லை எண்ணி வகுத்துவிட வேண்டும். தொடர்ந்து ஒரு வாரம் இப்படிப் போட்டால் வருகிற சராசரி நம்பத் தகுந்தது.

சாம்பார் காலையில் 30 லிட்டர். துவரம்பருப்பு 3 கிலோ 390 ரூபாய், காய்கறி 280, புளி 60, பொடியும் பெருங்காயமும் 110, தாளிப்பு 60. ஆக 900 ரூபாய், லிட்டர் 30. காலை பத்தரைக்குள் வாளி காலி. இட்லி, தோசை, பொங்கல், பூரி எல்லாம் சேர்த்து 150 தட்டு. வடையைத் தனித் தட்டாக எண்ணவில்லை, அது பெரும்பாலும் இன்னொரு தட்டின் சாம்பாரிலேயே முங்குகிறது. தட்டுக்கு 200 மில்லி, 6 ரூபாய். தேங்காய்ச் சட்னிக்குப் பத்துத் தேங்காய் 350, பொட்டுக்கடலை ஒன்றரைக் கிலோ 165, மற்றது 85, ஆக 600 ரூபாய், தட்டுக்கு 4. காரச் சட்னி 6 கிலோவுக்கு 450 ரூபாய், தட்டுக்கு 3. மூன்றையும் கூட்டினால் 13 ரூபாய்.

அதாவது தோசைக்கு 13, தொட்டுக்கொள்ள 13. விலைப் பலகையில் எங்கேயும் பேரில்லாத சாம்பாரும் சட்னியும் தோசைக்குச் சமமாகச் செலவு வைக்கின்றன. உங்கள் மசால் தோசையின் உண்மையான அடக்கம் 26 ரூபாய் 30 காசு.

இன்னொரு கையும் இதில் இருக்கிறது. நீங்கள் ஜிஎஸ்டியில் காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கிறீர்கள். விற்றுமுதலில் 5 சதவீதம் கட்ட வேண்டும், அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. ஆகவே 60 ரூபாயில் 3 ரூபாய் உங்களுடையது இல்லை. பக்கத்துத் தெரு ஏசி ஓட்டல் சாதாரண முறையில் இருக்கிறது, அவர்கள் பில்லின் கீழே 5 சதவீதம் தனியாகப் போட்டு வாங்குகிறார்கள். அவர்கள் பலகையில் போட்டிருக்கும் 65-ஐ உங்கள் 60-ஓடு ஒப்பிட்டால் தப்பு. வாடிக்கையாளர் அங்கே கொடுப்பது 68 ரூபாய் 25 காசு.

60-இல் 3 போய், 26.30 போய், கையில் நிற்பது 30 ரூபாய் 70 காசு. 45 என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு 60 மசால் தோசை போகிறது. வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள், மளிகைக்காரர் பாக்கி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இனி, கல்லில் தோசை ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் ஆகிற செலவு. நீங்கள் கடை திறக்கிறது மாதம் 26 நாள், அதற்கு வகுத்துப் போடுகிறேன். வாடகை 1,000. சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், இரண்டு சப்ளையர், பாத்திரம் கழுவும் அக்கா எல்லாருக்கும் 3,800, அவர்கள் சாப்பாடு 400. கேஸ் 1,400. கரண்ட் 500. சோப்பு, தண்ணீர், சில்லறை ரிப்பேர் 400. கிரைண்டரும் பிரிட்ஜும் ஒருநாள் மாற்ற வேண்டி வருமே, அதற்கு 300. உங்களுக்கும் கல்லாவில் உட்காரும் மதினிக்கும் சேர்த்து 1,000. இந்தக் கடைசி வரியைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். நாளைக்கு மதினிக்குப் பதிலாக ஒரு ஆளைக் கல்லாவில் உட்கார வைத்தால் சும்மா உட்காருவாரா? இரண்டு பேருக்கு 1,000 என்பதே குறைச்சல். எல்லாம் சேர்ந்து நாளைக்கு 8,800 ரூபாய்.

கேஸை ஏன் தட்டுக் கணக்கில் போடாமல் இங்கே போட்டேன் என்றால், தோசைக் கல்லின் அடியில் எரிகிற அடுப்பு தோசையை எண்ணிப் பார்த்து எரிவதில்லை. எட்டரை மணிக்கு வரிசையாக ஊற்றும்போதும் அதே தீ, பதினொரு மணிக்கு மாஸ்டர் கல்லைத் துடைத்துவிட்டு ஆள் வருகிறதா என்று பார்த்து நிற்கும்போதும் கிட்டத்தட்ட அதே தீ.

மற்ற அயிட்டங்களுக்கும் இப்படியே போட்டுப் பார்த்தேன், அந்தத் தாள் தனியாக இருக்கிறது. இட்லி, ரோஸ்ட், மசால், பொங்கல், பூரி என்று காலையும் மாலையுமாக 270 தட்டு, அதோடு காப்பி, வடை. சரக்குச் செலவும் வரியும் போகக் கையில் நிற்பது நாளைக்குச் சுமார் 8,650 ரூபாய். வேண்டியது 8,800. 150 ரூபாய் துண்டு விழுகிறது. அதாவது கடை ஓடுகிறது, மாஸ்டர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், உங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான் துண்டு விழுகிறது. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பதால் அந்தத் துண்டு மளிகை பாக்கியாக வேஷம் போட்டு நிற்கிறது.

சரி, விலைக்கு வருவோம். ஓட்டல்காரர்கள் நடுவில் ஒரு வாய்ப்பாடு உண்டு: சரக்கு அடக்கத்தை மூன்றால் பெருக்கு. மசால் தோசைக்கு 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதையே இட்லிக்குப் போடுங்கள். இரண்டு இட்லிக்கு மாவு 3 ரூபாய் 70 காசு, ஆனால் சாம்பார் சட்னி அதே 13, ஆக 16 ரூபாய் 70 காசு. மூன்றால் பெருக்கினால் இரண்டு இட்லி 50 ரூபாய். உங்கள் தெருவில் அந்த விலைக்கு இட்லி தின்ன ஆள் கிடையாது. நீங்கள் விற்பது 24. இன்னொரு பக்கம், அடக்கம் 50 ஆகிற நெய் பன்னீர் தோசை ஒன்றை நாளைக்குப் போட்டால் வாய்ப்பாடு 150 கேட்கும். பன்னீர் விலை கூடினதால் மாஸ்டர் கூலி கூடவா செய்தது? மூன்று மடங்கு என்பது சரக்கின் விலையை வைத்து மற்ற செலவை ஊகிக்கிற வழி. கடை முழுவதற்கும் மாதக் கடைசியில் ஒரு உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம், ஒரு தட்டுக்கு விலை வைக்க உதவாது.

படித்தவர்கள் செய்கிற இன்னொரு தப்பு, 8,800-ஐ 270 தட்டால் வகுத்து, தட்டுக்கு 32 ரூபாய் 60 காசு என்று எல்லாவற்றின் தலையிலும் ஏற்றுவது. மசால் தோசை 59 ஆகும், இட்லித் தட்டு 49 ஆகும். இட்லியை நட்டம் என்று நிறுத்தச் சொல்லும் இந்தக் கணக்கு. நிறுத்தினால் வாடகை குறையுமா? குறையாது. இட்லி சுமந்த பங்கும் தோசை தலையில் ஏறும். மழை பெய்து ஒரு வாரம் 180 தட்டுதான் போனது என்று வையுங்கள். தட்டுக்கு 49 ரூபாய் ஏற்ற வேண்டி வரும், அதைப் பார்த்து விலையை ஏற்றினால் வருகிற ஆளும் குறைவார். நன்றாகப் போன கடைகளே இந்தச் சுழலில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். பொதுச் செலவைத் தட்டுக்குப் பங்கு பிரிக்காதீர்கள். ஒவ்வொரு தட்டும் எவ்வளவு கையில் நிறுத்துகிறது என்று பாருங்கள், அவை எல்லாம் கூடி 8,800-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அது போதும்.

ஆனால் அதிகம் நிறுத்துகிற தட்டுத்தான் நல்ல தட்டு என்று அவசரப்பட்டுச் சொல்லவும் முடியாது. மசால் தோசை 30 ரூபாய் 70 காசு நிறுத்துகிறது, இட்லி 6 ரூபாய் 10 காசு. அப்படியானால் இட்லி எதற்கு என்று தோன்றும். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் கடையைப் பாருங்கள். 28 நாற்காலியும் நிறைந்து, வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் உங்களிடம் இல்லாதது மாவோ கிழங்கோ அல்ல, நாற்காலி. மசால் தோசைக்காரர் உட்கார்ந்து, கல்லில் இடம் கிடைத்து, தோசை நாலு நிமிஷம் வெந்து, தின்று, காப்பி குடித்து எழுந்திருக்க 25 நிமிஷம் ஆகிறது. அவர் விட்டுப் போவது தோசையில் 30.70, காப்பியில் 10, ஆக 40 ரூபாய் 70 காசு. நிமிஷத்துக்கு 1 ரூபாய் 60 காசு. இட்லிக்காரருக்கு உட்கார்ந்த உடனே தட்டு வருகிறது. இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காப்பி, 12 நிமிஷத்தில் கை கழுவப் போகிறார். 6.10-உம், வடையில் 6.40-உம், காப்பியில் 10-உம் சேர்த்து 22 ரூபாய் 50 காசு. நிமிஷத்துக்கு 1 ரூபாய் 90 காசு.

நாற்காலிக்குத் தட்டுப்பாடு இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் இட்லி வடை காப்பிக்காரர் மசால் தோசைக்காரரை விட உங்களுக்கு லாபம். வடையும் காப்பியும் இல்லாமல் வெறும் இட்லி என்றால் கதை வேறு, நிமிஷத்துக்கு 60 காசு கூடத் தேறாது. ஆகவே இட்லி விலையைத் தொடாதீர்கள். 12 ரூபாய் என்பது உங்கள் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த விலை, அதில் கை வைத்தால்தான் கடை விலை ஏற்றிவிட்டான் என்று பேச்சு வரும். பலகையில் இட்லிக்குப் பக்கத்தில் ‘2 இட்லி, 1 வடை 36 ரூபாய்’ என்று ஒரு வரி எழுதுங்கள். தள்ளுபடி ஒன்றும் வேண்டாம், கேட்க எளிதாக ஒரு பேர் இருந்தால் போதும். சப்ளையரும் ‘வடை வைக்கவா’ என்று கேட்டுப் பழகட்டும்.

இந்த நிமிஷக் கணக்கு நெரிசல் நேரத்துக்கு மட்டும்தான். பத்தரைக்குப் பிறகும், மாலை நாலு மணிக்கும் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும்போது ஒருவர் ஒரு தோசையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்தாலும் உங்களுக்கு நட்டம் இல்லை. அப்போது சப்ளையர் தண்ணீர் டம்ளரைத் தட்டித் தட்டி வைத்து அவரை எழுப்ப வேண்டியதும் இல்லை.

மசால் தோசையை 70 ஆக்கினால் வரி 3.50 போய், அடக்கம் 26.30 போய், 40 ரூபாய் 20 காசு நிற்கும். காப்பியோடு 50.20, நிமிஷத்துக்கு 2 ரூபாய். இட்லி வடை காப்பிக்காரரோடு சமமாக வந்துவிடுகிறது. எத்தனை பேர் போய்விடுவார்கள் என்பதுதான் உங்கள் பயம். அதை இப்படித் திருப்பிக் கேளுங்கள்: எத்தனை பேர் போனால் பழைய நிலைக்கு வருவேன்? இன்று 60 தோசை, ஒவ்வொன்றும் 30.70, ஆக நாளைக்கு 1,842 ரூபாய். 70 ரூபாயில் அதே 1,842-க்கு 46 தோசை போதும். ஆனால் போகிறவர் காப்பியையும் சேர்த்துக்கொண்டு போய்விடுவார். எல்லாருமே காப்பி குடிக்கிறவர்கள் என்று வைத்துப் பார்த்தால் 49 தோசை வேண்டும். ஆக, 60-இல் 11 பேர் போனாலும் உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை, கல்லுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். 6 பேர் போனால் காப்பியையும் கழித்த பிறகு நாளைக்கு 270 ரூபாய்க்குப் பக்கம் கூடும். ஒருவரும் போகாவிட்டால் 570. இப்போது விழுகிற 150 ரூபாய்த் துண்டு இரண்டிலுமே அடைபட்டுவிடும்.

65 வைத்து மெதுவாக ஏற்றலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். இரண்டு முறை ஏற்றினால் இரண்டு முறை பேச்சு வரும். ஏசி ஓட்டலில் வரியோடு 68.25 கொடுக்கிறார்கள், உங்கள் கிழங்கு மசாலை அங்கே வைத்து ஒப்பிட முடியாது என்று உங்கள் வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். 75-க்குப் போனால் அவர்களில் பாதிப் பேர் ஒருமுறையாவது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள் என்பது என் எண்ணம். இது தராசில் வருகிற விஷயம் இல்லை, அந்தத் தெருவை என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

விலை ஏற்றுகிற அன்றைக்குத் தோசையில் கை வைக்காதீர்கள். மாவை 120 கிராமுக்குக் குறைத்தால் 90 காசு மிஞ்சும். தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற தோசை தட்டுக்குள் அடங்கிவிட்டது என்பதைக் கண் உடனே பிடித்துவிடும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. பாத்திரம் கழுவும் அக்காவிடம் ஒரு காலி வாளியைக் கொடுத்து, தட்டில் மிஞ்சி வருகிற சாம்பாரையும் சட்னியையும் அதில் தனியாக வழிக்கச் சொன்னேன். ஒரு காலையில் சாம்பார் 4 லிட்டர், இரண்டு சட்னியும் சேர்ந்து 2 கிலோ 600 கிராம். கிட்டத்தட்ட 290 ரூபாய். தட்டுக்கு 2 ரூபாய்க்குப் பக்கம். யாரும் கேட்டு வாங்கி மிச்சம் வைத்தது இல்லை. சப்ளையர் போகிற போக்கில், கேட்காமலே, இரண்டாவது கரண்டி ஊற்றிவிட்டுப் போகிறார். நல்ல மனசுதான். கேட்டவருக்கு எத்தனை தடவையானாலும் ஊற்றட்டும், கேட்காதவர் தட்டில் ஊற்ற வேண்டாம். சட்னிக் கரண்டியைச் சிறியதாக மாற்றி, வாளியோடு இன்னொரு நடை கூட நடக்கச் சொல்லுங்கள். இதில் பாதி மிச்சமானாலும் தட்டுக்கு ஒரு ரூபாய், 270 தட்டுக்கு 270 ரூபாய், மாதம் 7,000 ரூபாய். ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாமல் வருகிற காசு.

சரக்கு விலை ஏறும்போதெல்லாம் பலகையை அழித்து எழுத வேண்டியதில்லை. எது ஏறினால் எவ்வளவு என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். இட்லி அரிசி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் ஊரே பேசும். உங்கள் தோசைக்கு 27 காசு. துவரம்பருப்பு 30 ரூபாய் ஏறினால் 60 காசு. தேங்காய் ஒன்றுக்கு 15 ரூபாய் ஏறினால் ஒரு ரூபாய். தக்காளி கிலோவுக்கு 30 ஏறினால் காரச் சட்னியில் மட்டும் ஒரு ரூபாய். ஆகவே அரிசிக் கடையில் மூட்டைக்குப் பேரம் பேசுகிற நேரத்தைத் தேங்காய்க்கும் தக்காளிக்கும் செலவழியுங்கள். தக்காளி ஏறினால் இரண்டு மாதத்தில் இறங்கும், அதுவரை காரச் சட்னிக்குப் பதிலாகப் புதினாச் சட்னி போடலாம். தேங்காய் ஏறினால் அப்படி இறங்குவதில்லை. மரம் காய்ப்பு குறைந்தால் திரும்ப நாளாகும். மொத்தத்தில் தட்டின் அடக்கம் 3 ரூபாய்க்கு மேல் ஏறி, மூன்று மாதம் அப்படியே நின்றால் மட்டும் விலையைப் பற்றி யோசியுங்கள்.

பார்சலுக்கு இலை, தாள், பை எல்லாம் சேர்த்து 6 ரூபாய் ஆகிறது. ஆனால் சாம்பார் அளந்து போகிறது, நாற்காலியும் வேண்டாம். இப்போது வாங்குகிற 5 ரூபாய் சரியாகத்தான் இருக்கிறது.

புது விலையை மாதத்தின் முதல் திங்கட்கிழமை போட வேண்டாம். சம்பளம் வந்த வாரத்தில் கூட்டம் எப்படியும் கூடியிருக்கும், விலை பிடித்துப்போனதா இல்லையா என்று தெரியாது. இரண்டாவது வாரத்தில் போடுங்கள். பலகையில் மசால் தோசை வரியை மட்டும் அழித்து எழுதாமல், முழுப் பலகையையும் புதிதாக எழுதிவிடுங்கள்; அழித்த தடம் இருந்தால் கண் அங்கேதான் போகும். அதற்கு முந்தின மூன்று வாரம், பிந்தின மூன்று வாரம், தினமும் எத்தனை மசால் தோசை, எத்தனை ரோஸ்ட், எத்தனை காப்பி என்று மதினியை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மசால் குறைந்து ரோஸ்ட் கூடியிருந்தால் கவலை வேண்டாம். இன்றைய விலையிலேயே ரோஸ்ட் 28 ரூபாய்க்குப் பக்கம் நிறுத்துகிறது, கல்லில் ஒரு நிமிஷம் முன்னதாகவும் வெந்துவிடுகிறது. ஆள் வெளியே போகவில்லை, பலகையில் ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான். மசாலும் குறைந்து காப்பியும் அதே அளவு குறைந்திருந்தால்தான் ஆள் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். மசால் ஒரு வாரம் முழுக்க 49-க்குக் கீழே நின்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

பூரிக்கு எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்று இன்னும் அளக்கவில்லை. சட்டியில் ஊற்றும் முன்னும் கடைசிப் பூரி எடுத்த பிறகும் எண்ணெயை நிறுத்து எழுதி வைக்கும்படி சரக்கு மாஸ்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் மறுபடி ஏசுவார்.

அன்புடன்,
உங்கள் தம்பி
(அடக்கவிலைக் கணக்காளர்)